‘கடின உழைப்பாளி’ என்று எழுதினால் ரேட்டிங் நிற்காது

ஏப்ரல் பிறந்தால் எங்கள் அலுவலகத்தில் அப்ரைசல் காலம். கிண்டியில் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் டீமை நான் பார்த்துக்கொள்கிறேன். பில் வந்தால் சரிபார்த்து, கணக்கில் ஏற்றி, உரிய தேதியில் பணம் போக வைப்பது எங்கள் வேலை. மார்ச் 31-ல் வருடக் கணக்கை முடித்த களைப்பு தீருவதற்குள் எச்ஆரிடமிருந்து மெயில் வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் 1 முதல் 5 வரை ஒரு ரேட்டிங், அதற்குக் கீழே வருடம் முழுவதையும் சொல்லும் ஒரு பத்தி, இத்தனாம் தேதிக்குள். எண்ணைப் போட ஒரு நொடி போதும். பத்தியில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள்.

அந்தப் பத்தியை யார் படிக்கிறார்கள் என்று தெரிந்தால் எப்படி எழுதுவது என்பதில் பாதி தெளிந்துவிடும். சம்பந்தப்பட்டவர் படிப்பார், அது சரி. ஆனால் அவருக்கு முன்பே கேலிபரேஷன் மீட்டிங் என்று ஒன்று இருக்கிறது. ஒரே கிரேடில் இருக்கும் எல்லா டீம் ஆட்களின் பெயரையும் எச்ஆர் திரையில் வரிசையாகப் போடுவார். கொள்முதல், கணக்கு, வரி, பட்ஜெட் என்று ஒவ்வொரு மேனேஜரும் தன் ஆளுக்குப் போட்ட எண் பக்கத்திலேயே இருக்கும். 4, 5 எல்லாம் இத்தனை பேருக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் யாராவது இறங்க வேண்டும். அந்த அறையில் என் டீம் ஆளை நேரில் பார்த்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு அந்தப் பத்திதான் அந்த ஆள்.

அங்கே ‘கடின உழைப்பாளி, டீம் பிளேயர், எப்போதும் பொறுப்பாக நடந்துகொள்வார், கூடுதல் பொறுப்பை விரும்பி ஏற்பார்’ என்று ஒரு பத்தி வந்தால் என்ன ஆகும் என்று பலமுறை பார்த்திருக்கிறேன். பக்கத்து மேனேஜர் சிரித்துக்கொண்டே, “என் ஆளும் அப்படித்தாங்க, அவருக்கு நான் 3தானே போட்டிருக்கேன்” என்பார். இதற்குப் பதில் கிடையாது. குரலை உயர்த்தலாம், “இல்ல சார், இவர் ரொம்ப நல்லா பண்றார்” என்று திரும்பச் சொல்லலாம். 4 அங்கேயே 3 ஆகிவிடும். இதில் அநியாயம் என்னவென்றால், அந்த ஆள் நிஜமாகவே 4 வாங்கத் தகுதியானவராக இருந்திருக்கலாம்.

ஒரே ஒருவரின் பத்தியை எப்படி எழுதினேன் என்று முழுதாகச் சொல்கிறேன். 2023-24 வருடத்துக்கானது. அவர் பெயரைக் கவிதா என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் டீமில் சீனியர் அசோசியேட்.

முதலில் மனதில் வருகிற வார்த்தைகளைத் தடுக்காமல் ஒரு தாளில் எழுதிவிடுவேன். கவிதாவுக்கு வந்தவை: பொறுப்பானவர், முன்கூட்டியே யோசிப்பவர், நம்பி ஒப்படைக்கலாம், மெயில் நீளமாக எழுதுவார். இவற்றை அப்படியே பத்தியில் வைக்க மாட்டேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘எதைப் பார்த்து இப்படித் தோன்றியது?’ என்று கேட்டு, மாதத்தோடு ஒரு நிகழ்ச்சியை எழுத முயல்வேன். எழுத முடியாத வார்த்தையை அடித்துவிடுவேன். ‘நம்பி ஒப்படைக்கலாம்’ அப்படித்தான் போனது. யோசித்துப் பார்த்தால், அதற்கு அடியில் இருந்ததெல்லாம் அவர் லீவே எடுக்கமாட்டார் என்பதுதான். அதற்காக ரேட்டிங் போட முடியாது, போடவும் கூடாது.

இது புதிய யோசனையும் இல்லை. ஜான் ஃபிளனகன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-ல் எழுதிய கட்டுரையிலேயே இதன் அடிப்படை இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் விமானப்படைக்காக விமானிகளைப் பற்றி ஆராய்ந்தபோது, ‘நல்லவர்’, ‘திறமையற்றவர்’ போன்ற குணச்சொற்களுக்குப் பதிலாக, குறிப்பிட்ட ஒரு தருணத்தில் அந்த ஆள் என்ன செய்தார் என்ற விவரங்களைச் சேகரித்தார்கள். எச்ஆர் பயிற்சிகளில் ‘கிரிட்டிகல் இன்சிடென்ட்’ என்று சொல்வது அதைத்தான்.

அடுத்தது கோல் ஷீட். வருடத் தொடக்கத்தில், ஏப்ரலில், நானும் அவரும் உட்கார்ந்து எழுதிய இலக்குகள் அதில் இருக்கும். அதோடு, அந்த கிரேடில் 3 என்றால் என்ன என்று எச்ஆர் கொடுத்திருக்கும் விளக்கம். இந்த இரண்டாவதைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. சீனியர் அசோசியேட் என்றால், தன் பங்கு பில்களைத் தவறில்லாமல் கெடுவுக்குள் முடிக்க வேண்டும், ஜூனியர்களின் சந்தேகங்களைத் தீர்க்க வேண்டும், சிக்கலானதை மேலே கொண்டுவர வேண்டும். இதைச் செய்தால் 3. அது அந்தச் சம்பளத்துக்கான வேலை. ஆகவே 4 என்று நான் எழுதினால், இதைத் தாண்டி என்ன நடந்தது என்பதற்குத்தான் உதாரணம் காட்ட வேண்டும். ‘எல்லா பில்லையும் கெடுவுக்குள் முடித்தார்’ என்பது 4-க்கு உதாரணமே இல்லை. உண்மைதான், ஆனால் அது 3-க்கான உதாரணம். கேலிபரேஷனில் விழும் உதாரணங்களில் பெரும்பாலானவை இந்த வகை. விவரம் இருக்கும், எண் இருக்கும், ஆனால் வேறு ரேட்டிங்குக்கான ஆதாரமாக இருக்கும்.

எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் மாதிரி டீம்களில் எண்தான் பெரிய பொறி. சிஸ்டத்தில் ஒரு ரிப்போர்ட் எடுத்தால் யார் எத்தனை பில் ஏற்றினார்கள் என்று வந்துவிடும். அதன்படி, பக்கத்து சீட் கார்த்திக் ஏற்றியதில் பாதிகூட கவிதா ஏற்றவில்லை. (கார்த்திக்கும் மாற்றிய பெயர்தான்.) ரிப்போர்ட்டை மட்டும் நம்பினால் கார்த்திக்குக்கு 4, கவிதாவுக்கு 3.

ஆனால் கார்த்திக் பார்ப்பது பிஓ உள்ள பில்கள். பர்ச்சேஸ் ஆர்டர், ஸ்டோர்ஸில் சரக்கு வந்ததற்கான ஜிஆர்என், சப்ளையரின் பில், மூன்றும் பொருந்தினால் ஒரு பட்டனில் முடிந்துவிடும். கவிதா பார்ப்பது பிஓ இல்லாதவை. லாரி வாடகை, செக்யூரிட்டி, ரிப்பேர், கேன்டீன், ஆலோசகர் கட்டணம். ஒவ்வொன்றுக்கும் எந்தத் துறையின் செலவு, யார் ஒப்புதல், எவ்வளவு டிடிஎஸ், ஒப்பந்தத்தில் உள்ள ரேட்தானா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எண்ணுவதில் அர்த்தமில்லை. அதனால் எண்ணை எழுதுவதாக இருந்தால், எதில் எத்தனை, அதே வேலையைப் பார்த்த இன்னொருவர் எவ்வளவு, போன வருடம் எவ்வளவு என்று ஏதாவது ஓர் ஒப்பீடு பக்கத்தில் இருக்க வேண்டும். ஒப்பீடு கிடைக்கவில்லையென்றால் எண்ணை விட்டுவிடுவதே மேல். தனியாக நிற்கும் பெரிய எண் கேட்க நன்றாக இருக்கும், எதையும் நிரூபிக்காது.

சரி, கவிதாவுக்கு 4 என்று நான் நினைக்க எது காரணம்?

2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் (எச்) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கோ சேவையோ வாங்கினால், ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். கெடு தாண்டியும் மார்ச் 31-ல் கொடுக்காமல் நின்றால், அந்தத் தொகையை அந்த வருடத்தின் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுக்கும் வருடத்தில்தான் கழிக்க முடியும். 2023-24தான் இது பொருந்திய முதல் வருடம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து திருமுடிவாக்கம் வரை சின்ன யூனிட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள். பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகளோ கடைசி நேரத்தில் பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தன.

கவிதா அக்டோபரிலேயே தொடங்கிவிட்டார். சிஸ்டத்தில் எல்லா சப்ளையர்களின் விவரமும் இருக்கும் சப்ளையர் மாஸ்டரில் குறு, சிறு நிறுவனமா என்று குறிக்கும் இடம் பாதி காலியாகவும் மீதி நம்ப முடியாததாகவும் இருப்பதைக் கவனித்து எனக்கு மெயில் போட்டார். அப்புறம் தன் பங்கு சப்ளையர்களிடம், நிறுவனம் எந்த வகை என்று காட்டும் அரசின் உத்யம் சான்றிதழைக் கேட்டு வாங்கினார். நடுத்தர நிறுவனங்களுக்கும் வணிகர்களுக்கும் இந்த விதி பொருந்தாது என்பதால், வரிப் பிரிவிடம் கேட்டு அவர்களைத் தனியே பிரித்தார். முக்கியமாக, நாள் கணக்கு பில் தேதியிலிருந்து ஓடுவதில்லை, சரக்கையோ சேவையையோ ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடுகிறது என்பதைப் பிடித்தார். பிஓ இல்லாத பில்களில் அந்த நாள் சிஸ்டத்தில் பதிவே ஆவதில்லை. அதற்காக ஒரு எக்செல் வைத்து, ஏற்று 30 நாள் ஆனதும் எச்சரிக்கும் ஒரு பட்டியலை வாராவாரம் திங்கட்கிழமை ஒப்புதல் தர வேண்டிய துறைகளுக்கு அனுப்பினார். மார்ச் கடைசியில் அவர் பங்கில் கெடு தாண்டி நின்றவை, ரேட் பற்றி சப்ளையரோடு தகராறில் இருந்த ஒரு சில பில்கள் மட்டும்தான்.

இதைப் பத்தியில் சேர்ப்பதற்கு முன் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொண்டேன். ஒன்று, இதில் அவர் பங்கு எது, மற்றவர் பங்கு எது. வரிப் பிரிவு மேனேஜரிடம் போனில் கேட்டேன். “விதியை விளக்கினது நாங்க. லிஸ்ட் போட்டது, ஒவ்வொருத்தரையும் துரத்தினது அவங்க. எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க” என்றார். இரண்டு, யாராவது கேட்டால் காட்ட ஏதாவது இருக்கிறதா. அக்டோபர் மெயில் இருந்தது, வாரப் பட்டியல்கள் இருந்தன. பத்தியில் மெயிலை ஒட்டத் தேவையில்லை. ஆனால் மாதத்தைச் சொன்னால், அதற்குப் பின்னால் ஏதோ பதிவு இருக்கிறது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரே ஒரு நல்ல காரியத்தை வைத்து வருடம் முழுவதற்கும் 4 கேட்டால், “ஒண்ணுதானே?” என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. ரேட்டிங் பன்னிரண்டு மாதத்துக்கானது. அதனால் வேறு மாதத்தில், வேறு வகை வேலையில், அதே குணத்தைக் காட்டும் இன்னொரு நிகழ்ச்சி வேண்டும். தேடினால் ஜூலையில் ஒன்று இருந்தது. ஒரு லாரி வாடகை பில் இரண்டு முறை வந்திருந்தது. முதலில் `INV/0417` என்றும், பிறகு `INV-417` என்றும். எண் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் சிஸ்டம் டூப்ளிகேட் என்று தடுக்கும். போதாததற்கு அந்த சப்ளையருக்கு நம் மாஸ்டரில் இரண்டு கோடு எண்கள். வண்டி எண்ணும் பயணத் தேதியும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துப் பணம் போவதற்கு முன் கவிதா நிறுத்தினார். அது அவர் வேலை, 3. ஆனால் அதோடு விடாமல், ஒரே ஜிஎஸ்டி எண்ணில் இரண்டு கோடு உள்ள சப்ளையர்களின் பட்டியலை எடுத்து, மாஸ்டர் டேட்டா டீமிடம் கொடுத்து மூடவைத்தார். அந்த இரண்டாவது பாதிதான் பத்தியில் இடம்பெற வேண்டியது.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பத்தியை சப்மிட் செய்வதற்கு முன், ரேட்டிங்கைச் சொல்லாமல், நடந்த விவரங்களை மட்டும் அந்த ஆளிடம் காட்டிச் சரிதானா என்று கேட்பேன். எங்கள் எச்ஆர் விதி இதைத் தடுப்பதில்லை. உங்கள் இடத்தில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். கவிதா படித்துவிட்டு, “மேம், அந்த ரெண்டு கோடு லிஸ்ட் நான் தனியா பண்ணலை. நம்ம ஜூனியர் பொண்ணுதான் டேட்டாவை இறக்கி மேட்ச் பண்ணிக் குடுத்தா” என்றார். பத்தியில் அந்த வாக்கியம் மாறியது. அந்த ஜூனியரின் பத்தியிலும் ஒரு நல்ல வரி சேர்ந்தது. அந்த ஜூனியருடைய செல்ஃப் அப்ரைசலில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நம்மூர் பிள்ளைகள் பலர் தான் செய்ததைத் தானே எழுதிக்கொள்வதைத் தற்பெருமை என்று நினைக்கிறார்கள். அதனால் செல்ஃப் அப்ரைசல் காலியாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது.

கடைசியில் பத்தி இப்படி நின்றது. நாங்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறோம், இங்கே தமிழில் தருகிறேன்:

“தன் பங்கு பில்களைக் கெடுவுக்குள், எதிர்பார்த்த துல்லியத்தோடு முடித்தார். அதற்கு மேல் இரண்டு செயல்களால் 4. 43பி(எச்) விதிக்காக, யாரும் கேட்பதற்கு முன் அக்டோபரில் சப்ளையர் விவரங்களின் குறையைச் சுட்டிக்காட்டி, ஏற்ற நாளிலிருந்து கெடுவைக் கணக்கிடும் வாரப் பட்டியலை உருவாக்கினார். மார்ச் 31-ல் அவர் பங்கில் தகராறில் இருந்த பில்கள் தவிர எதுவும் கெடு தாண்டி நிற்கவில்லை. இப்போது அந்தப் பட்டியலை முழு டீமும் பயன்படுத்துகிறது. ஜூலையில் ஒரு டூப்ளிகேட் பில்லை நிறுத்தியதோடு, ஜூனியர் ஒருவரின் உதவியுடன் அதன் காரணமான இரட்டைக் கோடுகளைக் கண்டறிந்து மூடவைத்தார். ஒப்புதல் கேட்கும் மெயில்களில் என்ன முடிவு வேண்டும் என்பது கடைசியில்தான் வருகிறது. நவம்பரிலும் ஜனவரியிலும் இதனால் துறைத் தலைவர்கள் திரும்பக் கேட்கும்படி ஆனது. வரும் வருடம் முதல் வரியிலேயே முடிவைக் கேட்டு எழுதுவதில் கவனம் வேண்டும்.”

பெரிய இலக்கியம் ஒன்றும் இல்லை. ஆனால் இதில் கவிதாவின் பெயரை எடுத்துவிட்டு வேறு யார் பெயரைப் போட்டாலும் பொய்யாகிவிடும். முதல் வாக்கியம் 3-ஐ நிறுவுகிறது. அடுத்த வாக்கியங்கள் அதற்கு மேல் என்ன என்று காட்டுகின்றன. ‘முழு டீமும் பயன்படுத்துகிறது’ என்ற வரிக்குத்தான் மீட்டிங்கில் அதிக மதிப்பு கிடைத்தது. அவர் செய்தது அவர் சீட்டோடு நிற்கவில்லை என்று அது சொல்கிறது. குறையையும் அதே மாதிரி, மாதத்தோடு எழுதியிருக்கிறேன். குறையே இல்லாத 4-ஐ அந்த அறையில் யாரும் நம்புவதில்லை. குறை எழுதினால் ரேட்டிங் குறைந்துவிடும் என்று பல மேனேஜர்கள் பயப்படுகிறார்கள். நான் பார்த்தவரை, உருப்படியான ஒரு குறை மேலே உள்ள பாராட்டுக்கு எடை கூட்டுகிறது.

நான் வேண்டுமென்றே விட்ட உதாரணம் ஒன்றும் உண்டு, அதைத்தான் எல்லோரும் எழுதியிருப்பார்கள். 2023 டிசம்பர் 4-ல் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்தது. நவம்பர் மாதக் கணக்கை மூட வேண்டிய அதே நாட்கள். கவிதா வீட்டில் கரண்ட் இருந்தது, நெட் விட்டு விட்டு வந்தது. இருந்தும் வேலையை முடித்தார். அந்த வாரம் கேட்டிருந்தால் நான் 5 போட்டிருப்பேன். ஆனால் பள்ளிக்கரணையில் இருந்த கார்த்திக்குக்குத் தரைத்தளத்தில் தண்ணீர், கரண்ட் இல்லை, போன் இல்லை. இருவருக்கும் இடையில் அந்த வாரம் இருந்த வித்தியாசம் திறமையில் இல்லை, எந்தத் தெருவில் வீடு என்பதில்தான் இருந்தது. அதை ரேட்டிங்குக்கு ஆதாரமாக எழுதினால், கார்த்திக்கைத் தண்ணீர் வந்ததற்காகத் தண்டித்த மாதிரி. கவிதாவுக்கு டிசம்பரிலேயே நன்றி சொல்லி, எச்ஆரிடம் ஒரு ஸ்பாட் அவார்டும் கேட்டு வாங்கினோம். அதற்கு அது சரியான இடம். இதுபோல் உணர்ச்சியைத் தொடும் சம்பவங்கள் நினைவில் பெரிதாக நிற்கும். அதே நிலையில் மற்றவருக்கும் அதைச் செய்ய வாய்ப்பு இருந்ததா என்று கேட்டுப் பார்த்தால், சில உதாரணங்கள் தானாக விழுந்துவிடும்.

கார்த்திக்கின் பத்தி வேறு வகைச் சிக்கல். அவருக்கு 3. அவர் டீமில் எல்லோருக்கும் பிடித்த ஆள், யார் கேட்டாலும் எழுந்து வந்து உதவுவார். 3 என்று போடும்போது நம் ஆட்களுக்கு ஒரு சங்கடம் வரும். அதைச் சமாளிக்கப் பத்தியில் பாராட்டை அள்ளிக் கொட்டுவார்கள். ‘சிறப்பானவர், அசாத்திய உழைப்பு’ என்று எழுதிவிட்டு 3 போட்டால், படிப்பவர் மனதில் ஒரே கேள்விதான் எழும்: அப்புறம் ஏன் 4 இல்லை? அந்தக் கேள்விக்கு ரிவ்யூ பேச்சில் பதில் சொல்லவே முடியாது. 3 என்றால் வேலையைச் சரியாகச் செய்தார் என்று பொருள். அதை நேராகச் சொல்வதில் எந்த அவமானமும் இல்லை. ‘டீமிலேயே அதிக எண்ணிக்கையில் பிஓ பில்களைக் கையாண்டார், ஜிஆர்என் பொருந்தாதவற்றை இரண்டு நாளுக்குள் ஸ்டோர்ஸுக்கு அனுப்புவது வருடம் முழுவதும் தவறவில்லை’ என்று எழுதினேன். பாராட்டுதான், ஆனால் 3-க்கு உள்ளேயே நிற்கும் பாராட்டு.

அவரிடம் ஒரு குறையும் இருந்தது. முதல் வரைவில் ‘கவனம் தேவை’ என்றுதான் வந்தது. அது வெறும் தீர்ப்பு, படிக்கிறவருக்கு எதைத் திருத்துவது என்று தெரியாது. நடந்தது என்னவென்றால், மாதக் கடைசியில் பில் வராத செலவுகளுக்கு ப்ரொவிஷன் போடும், அதாவது அந்த மாதக் கணக்கிலேயே தொகை ஒதுக்கிவைக்கும் பட்டியல் அவரிடமிருந்து ஆகஸ்டிலும் அக்டோபரிலும் பிப்ரவரியிலும் ஒரு நாள் தாமதமாக வந்தது. எழுதுவதற்கு முன் காரணத்தைப் பார்த்தேன். அக்டோபரில் தாமதம் ஸ்டோர்ஸினுடையது, அவர்கள் விவரமே தரவில்லை. அதை எடுத்துவிட்டேன். மற்ற இரண்டும் அவருடையவை. பிப்ரவரியில் பட்ஜெட் டீம் அதற்காகத் தங்கள் ரிப்போர்ட்டை மாற்றிப் போட வேண்டியிருந்தது. அடுத்துப் பார்க்க வேண்டியது, இதை அவரிடம் அப்போதே சொல்லியிருந்தேனா என்பது. ஆகஸ்டுக்குப் பின் பேசியிருந்தேன், குறிப்பும் இருந்தது. வருடக் கடைசியில் முதல் முறையாகக் கேள்விப்படும் குறையைப் பத்தியில் வைத்தால், அவர் அந்தக் குறையைப் பற்றிப் பேசமாட்டார், “ஏன் மேம் அப்பவே சொல்லலை?” என்றுதான் கேட்பார். அவர் கேட்பதில் நியாயமும் இருக்கும். அப்படிச் சொல்லாமல் விட்டதை ரேட்டிங்கில் ஏற்றாமல், வரும் வருடக் கோலில் சேர்ப்பதே முறை என்பது என் கருத்து. எங்கள் எச்ஆர் இதில் என்னோடு முழுதாக ஒத்துப்போவதில்லை.

சில வாக்கியங்களை யார் எழுதினாலும் நான் அடித்துவிடச் சொல்வேன். அமைதியான சுபாவம், அதிர்ந்து பேசமாட்டார், கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவார், குழந்தை பிறந்த பிறகும் நன்றாகச் சமாளிக்கிறார். கடைசியது அன்போடு எழுதப்படுவது, ஆனால் ஓர் அப்பாவின் பத்தியில் அது ஒருபோதும் வருவதில்லை. பெண்களின் பத்தியில் சுபாவமும் ஆண்களின் பத்தியில் சாதனையும் எழுதப்படுவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் தெரியும். எல்லாப் பத்திகளையும் எழுதிவிட்டு ஒரே மூச்சில் வரிசையாகப் படிப்பது இதற்கு உதவுகிறது. மகப்பேறு விடுப்பில் 26 வாரம் போனவருக்கு, அவர் வேலையில் இருந்த மாதங்களின் நிகழ்ச்சிகளை மட்டும் அந்த மாதங்களின் எதிர்பார்ப்போடு வைத்துப் பார்க்க வேண்டும். விடுப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பத்தியில் தேவையில்லை.

இத்தனை விவரமும் ஏப்ரலில் நினைவிலிருந்து வராது. உட்கார்ந்து யோசித்தால் பிப்ரவரி, மார்ச் மட்டும்தான் வரும், அதிலும் யாரோ கோபப்பட்ட மெயில்கள்தான் முதலில் வரும். அதனால் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, டீமில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி ஒரு ஃபைலில் எழுதுகிறேன். தேதி, நடந்தது, அதனால் என்ன ஆனது, எந்த மெயிலில் இருக்கிறது. ‘நன்றாகச் செய்தார்’ என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. சம்பந்தப்பட்டவர் ஒருநாள் அதைப் படித்தாலும் சங்கடப்படாத மாதிரி எழுதுவேன். ஒருவரின் பெயருக்கு நேரே இரண்டு மாதம் தொடர்ந்து காலியாக இருந்தால், அவர் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தமில்லை, நான் அவர் பக்கம் பார்க்கவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அது பிஓ பில் பார்க்கும் ஆட்கள்தான். பிரச்சினையே வராததால் அவர்கள் பெயர் எந்த மெயிலிலும் அடிபடாது. அப்படிக் காலியாக இருப்பவரின் பக்கத்தில் அடுத்த வாரம் அரை மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் பில் ஏற்றுவதைப் பார்ப்பேன். எழுத ஏதாவது கிடைக்காமல் போனதில்லை.